ஆய்வுக் கட்டுரையின் டிஸ்கஷன் பகுதியைச் செய்திமடலுக்குச் சுருக்குவது: சோற்று ஆய்வை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பினாங்கில் எங்கள் சங்கத்தின் செய்திமடல் மாதம் ஒருமுறை வருகிறது. நான்கு பக்கம். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றும், கோயில் மண்டபத்தில் கொஞ்சம் அச்சுப் பிரதிகளும் வைப்போம். அதில் உடல்நலப் பத்திக்கு 150, 200 சொற்களுக்குத்தான் இடம். புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தொடங்குகிறார்கள்: ஆய்வுக் கட்டுரையைத் திறந்து, அட்டவணைகளைத் தாண்டி, படிக்கச் சுலபமாக இருக்கிற டிஸ்கஷன் பகுதிக்குப் போய், அதை வரிக்கு வரி தமிழாக்கி அனுப்புகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சோறும் இனிப்புநீரும் பற்றி 2020இல் ‘டயபிட்டீஸ் கேர்’ என்ற மருத்துவ இதழில் வந்தது. ‘ப்யூர்’ என்று அழைக்கப்படும் பெரிய பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதி. மலேசியா உட்பட 21 நாடுகள், 132,373 பேர். நம் வீடுகளில் எல்லோருக்கும் கருத்து இருக்கிற விஷயம் என்பதால் தப்பாக எழுதினால் உடனே பரவும். பழகுவதற்கு நல்ல கட்டுரை.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுக் கட்டுரை வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் என்கிற சுருக்கம் மட்டும் போதாது, செய்தித்தாளில் வந்த செய்தி நிச்சயமாகப் போதாது. ஏன் என்று ஆறாவது படியில் தெரியும்.

டிஸ்கஷன் பக்கங்களைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். நான்கு நிறப் பேனாக்கள், ஒரு வெள்ளைத் தாள். சாப்பாடு சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் சமையலறைத் தராசு ஒன்றும் எடுத்து வையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

## 2. டிஸ்கஷனை முதலில் படிக்காதீர்கள்

டிஸ்கஷன் என்பது ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளுக்குக் கொடுக்கும் விளக்கம். விளக்கத்தை முதலில் கேட்டுவிட்டால், பிறகு எண்களைப் பார்க்கும்போதும் அந்த விளக்கத்தின் கண்ணால்தான் பார்ப்போம். அதனால் ரிசல்ட்ஸ் பகுதிக்குப் போய், கீழே உள்ளவற்றை வெள்ளைத் தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். சோற்று ஆய்வுக்கு என் தாளில் இருப்பது இது:

யார்: 35 முதல் 70 வயது வரை, 132,373 பேர். எவ்வளவு காலம்: சராசரி ஒன்பதரை ஆண்டு. எத்தனை பேருக்குப் புதிதாக இனிப்புநீர் வந்தது: 6,129. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்: நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் சோறு சாப்பிட்டவர்களை, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு. என்ன தெரிந்தது: நோய் வரும் வாய்ப்பு மொத்தத்தில் 1.20 மடங்கு, தெற்காசியாவில் 1.61, சீனாவில் 1.04, மற்ற வட்டாரங்களை எல்லாம் சேர்த்து 1.41.

இவ்வளவுதான். இந்தத் தாள்தான் இனி நீதிபதி. டிஸ்கஷனில் எந்த வரியைப் படித்தாலும் ‘இது என் தாளில் இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

## 3. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நிறம்

இப்போது டிஸ்கஷனுக்குப் போகலாம். பெரும்பாலான மருத்துவக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. முதல் பத்தியில் முக்கிய முடிவைத் திரும்பச் சொல்வார்கள். அடுத்து மற்றவர்களின் ஆய்வோடு ஒப்பிடுவார்கள். அப்புறம் ஏன் இப்படி இருக்கலாம் என்று யோசிப்பார்கள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஆய்வின் பலமும் குறையும் வரும். பிறகு முடிவுரை.

ஆய்வாளர்கள் கண்டது பச்சை. மற்றவர்கள் முன்பு கண்டது நீலம். ஏன் இப்படி இருக்கலாம் என்ற ஊகம் மஞ்சள். குறைகள் சிவப்பு. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறம் வந்தால் வாக்கியத்தை நடுவில் பிரியுங்கள். ‘எங்கள் ஆய்வில் இப்படித் தெரிந்தது, இதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்’ என்ற வரியில் பாதி பச்சை, பாதி மஞ்சள்.

புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது மஞ்சளில். காரணம் எளிது: கதை அங்கேதான் இருக்கிறது. அரிசியைத் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடுகின்றன, நார்ச்சத்து குறைகிறது, வெள்ளைச் சோறு இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது. இதெல்லாம் உண்மைதான், பாட்டிக்கும் புரியும். ஆனால் இந்த ஆய்வு சோதித்தது அதை அல்ல. மக்கள் எவ்வளவு சோறு சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள், பின்னால் யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தார்கள். நடுவில் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதைப் பிற ஆய்வுகளின் துணையோடுதான் சொல்ல முடியும்.

எங்களுக்கு எழுதிய ஒரு தம்பி, ‘நார்ச்சத்து இழந்த அரிசியே காரணம் என்று 21 நாடுகளில் நிரூபணம்’ என்று தலைப்பே போட்டுவிட்டார். ‘எங்கே தம்பி இருக்கிறது இது?’ என்று கேட்டேன். டிஸ்கஷனில் விரலை வைத்துக் காட்டினார். விரல் வைத்த இடம் முழுக்க மஞ்சள்.

சுருக்கத்தில் பச்சைக்கும் சிவப்புக்கும்தான் முதல் உரிமை. மஞ்சளுக்கு ஒரு வாக்கியம் போதும், அதுவும் ‘ஆய்வாளர்கள் கருதுவது’ என்று தொடங்க வேண்டும். நீலத்தை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். இந்த ஆய்வு முந்தைய ஆய்வுகளோடு முரண்பட்டால் மட்டும் ஒரு வரி.

## 4. தமிழில் வினைச்சொல்லைப் பிடிப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஆங்கிலக் கட்டுரைகள் ‘மே’, ‘சஜஸ்ட்ஸ்’, ‘அசோஷியேட்டட் வித்’ என்று ஒதுங்கி ஒதுங்கிப் பேசும். தமிழாக்கும்போது அந்தத் தயக்கம் நமக்கே தெரியாமல் கழன்று விழுந்துவிடும்.

முதல் பொறி ‘-ஆல்’ என்ற வேற்றுமை உருபு. ‘அதிகச் சோறு சாப்பிடுவதால் இனிப்புநீர் வரும் வாய்ப்பு கூடுகிறது’ என்று எழுதினால் காரணம் சொல்லிவிட்டோம். ஆய்வு காரணம் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் சொல்கிறது. ‘அதிகச் சோறு சாப்பிட்டவர்களிடையே இனிப்புநீர் கூடுதலாகக் காணப்பட்டது’ என்று எழுதினால் போதும். ‘-ஆல்’ போய் ‘-இடையே’ வந்ததும் வாக்கியம் நேர்மையாகிவிடும். நான் திருத்தும்போது முதலில் தேடுவதே இந்த ‘-ஆல்’, ‘-னால்’களைத்தான்.

இரண்டாவது பொறி ‘சிக்னிஃபிகண்ட்’. இதை எல்லோரும் ‘குறிப்பிடத்தக்க’ என்று போடுகிறார்கள். தமிழில் ‘குறிப்பிடத்தக்க’ என்றால் பெரிய, கவனிக்க வேண்டிய என்று பொருள். கட்டுரையில் அந்தச் சொல்லுக்கு அளவைப் பற்றிய அர்த்தமே இல்லை. இந்த வேறுபாடு வெறும் தற்செயலாக வந்திருப்பது கடினம் என்று மட்டும்தான். ‘தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத வேறுபாடு’ என்று நீட்டி எழுதுங்கள். இரண்டு மூன்று சொல் கூடுதல் செலவு, பரவாயில்லை.

அதன் மறுபக்கம் இன்னும் மோசம். சீனாவில் ‘சிக்னிஃபிகண்ட்’ தொடர்பு இல்லை என்று கட்டுரை சொல்கிறது. இதை ‘சீனாவில் சோற்றுக்கும் இனிப்புநீருக்கும் தொடர்பே இல்லை’ என்று எழுதக் கூடாது. அங்கே கிடைத்த எண் 1.04. உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை என்று கட்டுரை தருவது 0.77 முதல் 1.40 வரை. கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம், கொஞ்சம் கூடியும் இருக்கலாம். ‘சீனாவில் தெளிவான தொடர்பு தெரியவில்லை’ என்பதே சரி. தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

‘சஜஸ்ட்ஸ்’ என்பதை ‘அறிவுறுத்துகிறது’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. டாக்டர் புத்தி சொல்வது மாதிரி ஆகிவிடும். ‘போலத் தோன்றுகிறது’, ‘என்று எண்ண இடமிருக்கிறது’ என்று எழுதலாம். ‘ரிஸ்க்’கை ‘ஆபத்து’ என்று போட்டால் வாசகர் பயந்துபோவார். ‘நோய் வரும் வாய்ப்பு’ நிதானமான சொல்.

## 5. மடங்கை மனிதர்களாக மாற்றுங்கள்

தெற்காசியாவில் 1.61 என்பதை ‘61 விழுக்காடு கூடுதல்’ என்று எழுதுவது தவறில்லை. ஆனால் அதைப் படிக்கிறவர்களில் பலர் ‘சோறு சாப்பிடுகிற நூறு பேரில் 61 பேருக்கு இனிப்புநீர்’ என்று புரிந்துகொள்கிறார்கள். நான் வாய்விட்டுப் படித்துக்காட்டிக் கேட்டிருக்கிறேன், அப்படித்தான் சொன்னார்கள்.

அதனால் முதலில் மொத்தத்தில் எத்தனை பேருக்கு வந்தது என்று சொல்லுங்கள். 132,373 பேரில் 6,129 பேர் என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர், ஒன்பதரை ஆண்டில். இதைச் சொன்ன பிறகுதான் மடங்கு. மடங்கை விளக்க ஓர் உதாரணம் வேண்டுமென்றால், உதாரணம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: குறைவாகச் சாப்பிடுகிற நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 1.61 மடங்கு என்பது ஏறத்தாழ பதினாறு பேர். பத்து என்பது நாம் வைத்துக்கொண்ட எண், ஆய்வு தந்தது அல்ல.

எல்லையையும் விடாதீர்கள். தெற்காசியாவில் அது 1.13 முதல் 2.30 வரை போகிறது. கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கலாம், இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம் என்று அர்த்தம். இவ்வளவு அகலமாக இருப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது: தெற்காசியாவில் நாள் ஒன்றுக்குச் சோற்றின் இடைநிலை அளவு 630 கிராம். பாதிப் பேருக்கு மேல் ஏற்கனவே 450ஐத் தாண்டியவர்கள். 150க்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் அங்கே அதிகம் இருக்க மாட்டார்கள், அதனால் ஒப்பிடுவது கடினம். இது என் ஊகம்தான், மஞ்சள், அதனால் செய்திமடலில் போடவில்லை.

சரி, தராசுக்கு வருவோம். 450 கிராம் என்பது வெந்த சோறு, அரிசி அல்ல. இதைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. அரிசி வெந்தால் எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும். வீட்டில் ஒரு கப் சோற்றை அமுக்காமல் நிறுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 150 கிராம். அப்படியென்றால் 450 என்பது நாள் முழுவதற்கும் மூன்று கப். ஒரு நாள் மதியம் நாசி கண்டார் புங்குஸ் வாங்கி வந்து, கறியைப் பிரித்து வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் நிறுத்தேன். 310 காட்டியது. ‘கிராம்’ என்று எழுதினால் வாசகர் கடந்து போய்விடுவார். ‘கப்’ என்று எழுதினால் தன் தட்டைப் பார்ப்பார்.

## 6. ‘நாம்’ எந்த எண்ணில் இருக்கிறோம்?

இங்கே நம் ஊர் எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே குழியில் விழுவார்கள். தெற்காசியா, 1.61. நாம் தமிழர்கள், ஆக நமக்கு 61 விழுக்காடு. இயல்பாக வரும் நினைப்புதான், ஆனால் கட்டுரை அப்படிப் பிரிக்கவில்லை. தெற்காசியா என்பது இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசத்தில் வாழ்கிறவர்கள். மலேசியா தென்கிழக்காசியாவில் வருகிறது. தென்கிழக்காசியாவையோ மத்தியக் கிழக்கு, தென் அமெரிக்கா, வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாவற்றோடும் சேர்த்து ‘மற்ற வட்டாரங்கள்’ என்று ஒரே கூடையில் போட்டு 1.41 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதாவது மலேசியத் தமிழருக்கென்று இந்தக் கட்டுரையின் சுருக்கத்தில் தனி எண் எதுவும் இல்லை. வம்சம் தெற்காசியா, தட்டு மலேசியா. இதைச் சொல்லாமல் இரண்டில் ஒரு எண்ணைத் தூக்கி ‘நமக்கு’ என்று எழுதுவது ஏமாற்று. இதே காரணத்தால்தான் சீனாவின் எண்ணைப் பக்கத்து வீட்டுப் பினாங்குச் சீனருக்கு ஒட்டக் கூடாது.

முழுக் கட்டுரை வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அதற்கான காரணமும் இங்கேதான். அப்ஸ்ட்ராக்ட்டின் முடிவு வரி, மற்ற வட்டாரங்களில் ‘மிதமான, சிக்னிஃபிகண்ட் அல்லாத’ தொடர்பு காணப்பட்டது என்கிறது. அதே அப்ஸ்ட்ராக்ட்டில் சில வரி மேலே அந்த 1.41க்கு எல்லை 1.08 முதல் 1.86 வரை என்று இருக்கிறது. 1 என்ற எண்ணுக்கு வேறுபாடே இல்லை என்று பொருள், எல்லை அந்த 1ஐத் தொடவில்லை என்றால் அது சிக்னிஃபிகண்ட். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நல்ல இதழ், கவனமான ஆய்வு, இருந்தும் இப்படி வரும்.

அப்போது என்ன செய்வது? வாக்கியத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள், அதையும் அட்டவணையில் சரிபார்த்த பிறகு. அந்த முரண்பாட்டைச் செய்திமடலில் விவரிக்க வேண்டாம், வாசகருக்கு அது உதவாது. முடிவு வரியை மட்டும் மொழிபெயர்த்திருந்தால் ‘நம் வட்டாரத்தில் பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதியிருப்போம்.

## 7. குறைகளைக் கடைசியில் புதைக்காதீர்கள்

சிவப்பு வரிகள் ஆறேழு இருக்கலாம். எல்லாவற்றையும் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள்: இந்தக் குறை உண்மையாக இருந்தால் தலைப்பு மாறுமா? மாறும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்று ஆய்வில் நான் இரண்டை வைத்தேன். ஒன்று, இது மக்களைப் பிரித்து ‘நீ இவ்வளவு சாப்பிடு’ என்று வைத்துச் செய்த சோதனை அல்ல. அவரவர் போக்கில் விட்டுக் கவனித்தது. வயது, பாலினம், உடல் எடை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், சோற்றோடு சேர்ந்து வரும் மற்றப் பழக்கங்கள் முழுதாக விலகிவிடாது. இரண்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேள்வித்தாள் மூலம் ஆரம்பத்தில் கேட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் யாராவது சோற்றைக் குறைத்திருந்தால் அது கணக்கில் வராது.

இவற்றை முடிவுக்கு அடுத்த வாக்கியத்திலேயே வையுங்கள். கடைசிப் பத்தியில் போட்டால் வாட்ஸ்அப்பில் முதல் பத்தியை மட்டும் வெட்டி அனுப்புகிறவர்கள் வேலையைக் கெடுத்துவிடுவார்கள்.

## 8. எழுதும் வரிசை

இப்போது எழுதலாம், கட்டுரையை மூடி வைத்துவிட்டு. திறந்து வைத்து எழுதினால் ஆங்கில வாக்கியத்தின் எலும்பு தமிழில் துருத்திக்கொண்டு நிற்கும். வெள்ளைத் தாள் மட்டும் கண்முன் இருக்கட்டும். நான் எழுதிய வரைவு இது:

> ‘தினமும் நிறைய வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களிடையே இனிப்புநீர் கூடுதலாகக் காணப்படுகிறது என்று, மலேசியா உட்பட 21 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மக்களை அவரவர் போக்கில் விட்டுக் கவனித்த ஆய்வு இது. அதனால் சோறுதான் காரணம் என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. 132,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்குப் புதிதாக நோய் வந்தது. நாளுக்கு மூன்று கப் அல்லது அதற்கு மேல் சோறு சாப்பிட்டவர்களிடம், ஒரு கப்புக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, நோய் வரும் வாய்ப்பு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. சீனாவில் தெளிவாகத் தெரியவில்லை. மலேசியத் தமிழருக்கென்று தனிக் கணக்கு தரப்படவில்லை. சாப்பாட்டு விவரம் ஆய்வின் ஆரம்பத்தில் கேட்டுப் பெறப்பட்டது. பின்னால் பழக்கம் மாறியிருந்தால் அது இதில் சேராது. ஆய்வாளர்கள் கருதுவது: அரிசியைத் தீட்டும்போது நார்ச்சத்து குறைவது ஒரு காரணமாக இருக்கலாம்.’

1.41ஐ விட்டுவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அத்தனை கண்டங்களைச் சேர்த்த எண்ணை விளக்க இன்னும் இரண்டு வாக்கியம் வேண்டும், இடமில்லை. விடுவதில் தப்பில்லை, திரிப்பதில்தான் தப்பு.

## 9. அனுப்பும் முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் கட்டுரையின் பக்க எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். எண் போட முடியாத வாக்கியம் நீங்களாகச் சேர்த்தது. பெரும்பாலும் அது ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று தொடங்கும்.

இரண்டாவது: துறைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டி, ‘என்ன புரிந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மேலே உள்ளதை எங்கள் தெருவில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் படித்தேன். ‘நிறையச் சாப்பிடுறவங்களுக்கு அதிகமா வருது, ஆனா சோறுதான்னு சொல்ல முடியல. நம்ம ஆளுங்க கணக்கு தெரியல’ என்றார். அதுதான் வேண்டும்.

அடுத்து அவர் கேட்டார்: “அப்போ பழுப்பரிசிக்கு மாறிட்டா சரியாயிடுமா தம்பி?” நார்ச்சத்து வரியைக் கேட்டதும் வந்த கேள்வி. என் தாளில் பழுப்பரிசி என்ற சொல்லே இல்லை. அந்த வரிக்குப் பின்னால் ‘பழுப்பரிசிக்கு மாறினால் என்ன ஆகும் என்பது இந்த ஆய்வின் கேள்வி அல்ல’ என்று ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்பினேன்.